தெரியாத ஸ்பீக்கரில் மிக்ஸைக் கேட்டு முடிவெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா, என் ரூம்ல நல்லா இருந்த மிக்ஸை வேற ஸ்டுடியோல போட்டா பேஸ் குமுறுது. மிக்ஸ் தப்பா, அந்த ஸ்பீக்கர் தப்பா?

அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காதில் விழுவதில் மிக்ஸ் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, அறையும் இருக்கிறது. மூன்றும் கலந்துதான் வருகிறது. பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே ஸ்பீக்கரில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே போட்டாலும் சரியாகக் கேட்கிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு பாட்டை, அதாவது ரெஃபரன்ஸ் ட்ராக்கை, போடுங்கள். அதுவும் அதே அளவு குமுறினால் அது அந்த அறையின் வேலை. அது அடங்கி நிற்க, உங்களுடையது மட்டும் குமுறினால் மிக்ஸைத் திறக்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் தப்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அதனால் உங்கள் சொந்த அறை என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் வியாசர்பாடியில் பத்துக்குப் பத்து அறையில் வேலை செய்கிறேன். கூரையும் ஏறக்குறைய 10 அடி. 10 அடி என்றால் 3.05 மீட்டர். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. அந்த 343-ஐ அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வரும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அந்த ஒலி மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் நின்றால் பலமாகவும், அறையின் நட்டநடுவில் மிகவும் மெலிந்தும் கேட்கும். என் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ்தான். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை வெளியே விடாமல் திருப்பி அனுப்புவதால் விளைவு இன்னும் கூடுகிறது.

நான் உட்காருவது கிட்டத்தட்ட நடுவில். அங்கே அந்த 56 ஹெர்ட்ஸ் பக்கத்து பேஸ் எனக்குக் குறைவாகக் கேட்கும், நானும் ஏற்றிவிடுவேன். ஏற்றியதை அடுத்த அறை காட்டிக்கொடுக்கும். வடசென்னையில் வீட்டு ஸ்டுடியோ வைத்திருக்கிற பலருக்கும் அறை இதே அளவுதான். உங்கள் அறையை அளந்து இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ரெஃபரன்ஸ் ட்ராக்னா எனக்குப் பிடிச்ச பாட்டு போதுமா? எத்தனை வெச்சிக்கணும்?

மூன்று போதும். பிடித்த பாட்டாக இருப்பதை விட, பல இடங்களில் கேட்டுப் பழகிய பாட்டாக இருப்பது முக்கியம். ஹெட்போன், கார், நண்பர் வீடு, கல்யாண மண்டபம் என்று கேட்டு, எங்கே போட்டால் எப்படி மாறுகிறது என்று மனதில் பதிந்திருக்க வேண்டும். அப்படிப் பதியாத பாட்டைத் தெரியாத ஸ்பீக்கரில் போட்டால், தெரியாதவை இரண்டாகிவிடும்.

முதலாவது, உங்கள் பாட்டின் வகையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். கானா என்றால் டோலக், ஆண் குரல், கீபோர்ட், சிந்த் பேஸ் இவை உள்ள பாட்டு. இரண்டாவது, வாத்தியம் குறைவாகவும் குரல் முன்னாலும் நிற்கிற ஒன்று. குரலின் நிறம் அந்த ஸ்பீக்கரில் எப்படி மாறுகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: உங்கள் பாட்டின் அதே ஸ்கேலில், அல்லது அரை ஸ்வரம் முன்பின்னாக உள்ள ஒரு பாட்டு. அறை எல்லா பேஸ் ஸ்வரத்தையும் ஒரே மாதிரி தூக்காது. டி ஸ்கேல் பாட்டின் பேஸ் 73 ஹெர்ட்ஸில் நிற்கும், ஏ ஸ்கேல் பாட்டின் பேஸ் 55-இல் நிற்கும். அந்த அறை 55-ஐ மட்டும் தூக்குகிறது என்றால் டி ஸ்கேல் ரெஃபரன்ஸ் அதைக் காட்டவே காட்டாது.

ஃபைல் தரத்தையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது, யூடியூபிலிருந்து இறக்கியது இரண்டும் வேண்டாம். சிடியிலிருந்து எடுத்த வேவ், அல்லது விலைக்கு வாங்கிய ஃப்ளாக் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3-யை, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று கோடாகக் காட்டும் அனலைசரில் போட்டால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கோடு சுவர் போல இறங்குவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். அதை வைத்து உங்கள் மிக்ஸில் மேல் சத்தம் அதிகம் என்று முடிவு செய்தால், நல்ல மிக்ஸை நீங்களே மந்தமாக்கிவிடுவீர்கள்.

ரெஃபரன்ஸ் போட்டாலே அது எப்பவும் நல்லா இருக்கு, என்னுது பாவமா இருக்கு. ஏன்?

சத்தம் அதிகம் என்பதால். வெளிவந்த பாட்டு மாஸ்டர் ஆகி, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் LUFS கணக்கில் −8 பக்கம் இருக்கலாம். உங்கள் மிக்ஸ் −18 பக்கம் இருக்கும். 10 டிபி வித்தியாசத்தில் எதையும் ஒப்பிட முடியாது. சத்தம் கூடும்போது நம் காதுக்கு பேஸும் மேல் ஒலியும் நடு ஒலியை விட அதிகமாக எழுந்து கேட்கும். காதின் இயல்பு அது. 1 டிபி கூடினாலே, சத்தம் கூடியிருக்கிறது என்று நமக்குத் தோன்றாது. இது நல்லா இருக்கே என்றுதான் தோன்றும்.

எனவே ரெஃபரன்ஸைக் குறையுங்கள், மிக்ஸை ஏற்றாதீர்கள். இரண்டு பாட்டிலும் பல்லவி போல எல்லா வாத்தியமும் சேர்ந்து வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லவுட்னஸ் மீட்டரில் Short-term என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அது கடைசி 3 வினாடியின் சராசரி. ரெஃபரன்ஸ் −8, மிக்ஸ் −18 என்றால் ரெஃபரன்ஸ் ட்ராக்கின் ஃபேடரை 10 டிபி இறக்குங்கள்.

அதோடு முடியவில்லை. இந்த மீட்டர் அடி பேஸைக் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும், அதன் வடிகட்டியே அப்படி அமைக்கப்பட்டது. மற்ற பகுதி கணக்கைப் பெரிதும் தீர்மானிப்பதால், பேஸை ஒப்பிட அது ஒருவகையில் வசதிதான். ஆனாலும் எண் சமமான பிறகு கண்ணை மூடி இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டு பாடகரும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் நின்று பாடுவது போலத் தோன்றும் வரை அரை டிபி, ஒரு டிபி நகர்த்துங்கள். கானாவில் குரல் இசையை விட நன்றாக முன்னே நிற்கும் என்பதால் மீட்டரை மட்டும் நம்பினால் கொஞ்சம் தப்பும்.

இன்னொன்று. ரெஃபரன்ஸ் லிமிட்டர் வழியாக வந்தது, உங்களுடையது வரவில்லை. டோலக் அடி உங்கள் மிக்ஸில் கூர்மையாகக் குத்துவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒப்பிடும் நேரத்துக்கு மட்டும் மிக்ஸில் ஒரு லிமிட்டர் போட்டு 3 டிபி அளவுக்குப் பிடித்துப் பாருங்கள். கேட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

ரெண்டு மணி நேரம்தான் ஸ்டுடியோ வாடகைக்கு எடுத்திருக்கேன். உள்ள போனதும் முதல்ல என்ன செய்யணும்?

முதல் 20 நிமிடம் உங்கள் மிக்ஸைப் போடாதீர்கள். இது கஷ்டம் என்று தெரியும், கூட வந்த பாடகருக்குப் பொறுமை இருக்காது. ஆனால் முதலில் உங்கள் பாட்டைப் போட்டுவிட்டால் காது அந்த அறையோடு சேர்த்து அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்.

உட்காருவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. குரல் நடுவில் உள்ள பாட்டைப் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வர வேண்டும். நடுவே யாரும் இல்லாதது போல் குரல் பரந்து கிடந்து, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரின் வயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். உங்கள் சாஃப்ட்வேரில் ஒரு சேனலை மட்டும் போலாரிட்டி திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் குரல் நடுவுக்கு வந்து பேஸும் திரும்பினால், வயரைச் சரி செய்த பிறகுதான் மற்ற பேச்சு. தண்டையார்பேட்டையில் ஒரு இடத்தில் இதைப் பார்க்காமல் ஒன்றரை மணி நேரம் பேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்று ஏற்றியது அத்தனையும் மறுநாள் இறக்க வேண்டியிருந்தது.

அடுத்து, அறை எந்த ஸ்வரத்தைத் தூக்குகிறது என்று பாருங்கள். கீபோர்ட் ப்ளகினில் வெறும் சைன் ஒலியை எடுத்து, 41 ஹெர்ட்ஸ் ஈ-யில் தொடங்கி ஒவ்வொரு அரை ஸ்வரமாக 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். நாற்காலியை விட்டு எழ வேண்டாம். ஏதோ ஒரு ஸ்வரம் அறை முழுக்க எழும், ஏதோ ஒன்று காணாமல் போகும். இரண்டையும் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். எழுகிற ஸ்வரத்தில் ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். காணாமல் போகிற ஸ்வரத்தில் ரெஃபரன்ஸும் காணாமல்தான் போகும், ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. அந்த இடத்தில் காதைக் கேட்காதீர்கள், அங்கே அனலைசர்தான்.

பிறகு மூன்று ரெஃபரன்ஸையும் முழுவதுமாகக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினால் உங்களுக்குப் புரிகிற அளவு சத்தம் போதும். அந்த வால்யூம் குமிழில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை அதைத் தொட வேண்டாம்.

அனலைசரை எங்க போடணும், செட்டிங் என்ன வெக்கணும்?

மாஸ்டர் பஸ்ஸில் எல்லாவற்றுக்கும் கடைசியில். ரெஃபரன்ஸ் உங்கள் மாஸ்டர் பஸ்ஸின் இக்யூ, கம்ப்ரஸர் வழியே போகக் கூடாது, ஆனால் அதே அனலைசர் வழியே போக வேண்டும். எளிய வழி: மிக்ஸ் ட்ராக்குகள் எல்லாவற்றையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து, உங்கள் மாஸ்டர் ப்ளகின்களை அந்தப் பஸ்ஸில் வையுங்கள். ரெஃபரன்ஸை நேராக மாஸ்டருக்கு அனுப்புங்கள். மாஸ்டரில் அனலைசர் மட்டும் இருக்கட்டும்.

நான் பயன்படுத்துவது வாக்ஸெங்கோவின் SPAN. இலவசம். அதில் மூன்று செட்டிங்தான் முக்கியம்.

Block Size-ஐ 16384 வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் அப்போது ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 3 ஹெர்ட்ஸ். 4096 வைத்தால் அது 12 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஏ 55, அடுத்த அரை ஸ்வரம் 58 என்னும்போது 12 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்றே தெரியாது.

Avg Time-ஐச் சில வினாடிகளுக்கு ஏற்றுங்கள். குதிக்கிற கோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாக அசைகிற சராசரிக் கோடுதான் வேண்டும்.

Slope 4.5. இசையில் இயல்பாகவே மேலே போகப் போக ஆற்றல் குறையும். இந்தச் சாய்வு அதை நிமிர்த்திக் காட்டுவதால், பெரும்பாலான பாட்டுகள் கிட்டத்தட்டப் படுக்கையான கோடாகத் தெரியும். கோடு நேராக இருந்தால் மிக்ஸ் நல்லது என்று அர்த்தமில்லை, பார்ப்பதற்கு வசதி, அவ்வளவுதான். இரண்டு பாட்டையும் ஒரே சாய்வில் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

இரண்டு பாட்டிலும் பல்லவியில் 20 வினாடி ஓடவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிறு சிறு முட்களைப் பார்க்க வேண்டாம். 40 முதல் 100, 100 முதல் 300, 300 முதல் 2000, அதற்கு மேல் என்று பெரிய பட்டைகளாகப் பாருங்கள்.

அப்போ ரெஃபரன்ஸ் கோடு மாதிரியே என் கோட்டைக் கொண்டு வந்துட்டா மிக்ஸ் ரெடியா?

இல்லை. 250 ஹெர்ட்ஸில் இருப்பது குரலா, டோலக்கா, கீபோர்டா என்று அனலைசருக்குத் தெரியாது, கூட்டுத்தொகைதான் தெரியும். குரல் டோலக்குக்குப் பின்னால் ஒளிந்த மிக்ஸும் குரல் தெளிவாக நிற்கிற மிக்ஸும் ஒரே கோட்டைக் காட்ட முடியும். ரெஃபரன்ஸில் பாடியது பெண், உங்களிடம் பாடுவது கனத்த ஆண் குரல் என்றால் கோடு வேறாக இருப்பதுதான் சரி.

நான் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் சமமான பிறகு காதும் அனலைசரும் ஒரே இடத்தில் ஒரே குறையைச் சொன்னால் அங்கேயே சரி செய்கிறேன். காது மட்டும் சொல்லி அனலைசர் சொல்லவில்லை என்றால் அன்று கை வைப்பதில்லை. அந்த ஸ்பீக்கரின் குணமாக இருக்கலாம், அல்லது ஒரு வாத்தியம் இன்னொன்றை மறைப்பதாக இருக்கலாம். எழுதிக்கொண்டு வந்து வீட்டில் பார்ப்பேன். அனலைசர் மட்டும் சொன்னால், அந்த ஸ்பீக்கருக்கு எட்டாத அடிப்பகுதியா, அல்லது சைன் சோதனையில் காணாமல் போன ஸ்வரமா என்று பார்ப்பேன். ஆமாம் என்றால் அனலைசரை நம்புவேன். மற்ற இடங்களில், மூன்று ரெஃபரன்ஸுக்கும் வெளியே 3 டிபிக்கு மேல் அகலமாக விலகினால் மட்டும் காரணம் தேடுவேன். 2 டிபிக்குள் என்றால் கண்டுகொள்வதில்லை, அந்த அளவு வித்தியாசம் மூன்று ரெஃபரன்ஸுகளுக்கு இடையிலேயே இருக்கும்.

ஒரு பாட்டை எடுத்துக்கிட்டு, அங்க போய் என்ன கேட்டீங்க, என்ன மாத்துனீங்கன்னு முழுசா சொல்லுங்களேன்.

போன மாதம் முடித்த ஒரு கானா பாட்டையே சொல்கிறேன். ஆண் குரல், டோலக், தப்பு மேளம், கீபோர்ட், சிந்த் பேஸ், கடைசியில் கைத்தட்டலோடு கோரஸ். ஸ்கேல் ஏ. பேஸ் முக்கால்வாசி நேரம் 55 ஹெர்ட்ஸ் ஏ-யில் நின்றுகொண்டிருந்தது. என் அறை ஒளித்துவைக்கும் 56-க்குப் பக்கத்திலேயே என்பதைக் கவனியுங்கள். மிக்ஸ் செய்யும்போது பேஸ் பற்றவில்லை பற்றவில்லை என்று ஏற்றிக்கொண்டே போயிருந்தேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு மணி நேரம் எடுத்தோம். 8 அங்குல ஸ்பீக்கர், நான் அதில் வேலை செய்ததே இல்லை. அறை ஏறக்குறைய 14-க்கு 11 அடி. 11 அடிக்குக் கணக்குப் போட்டால் 51 ஹெர்ட்ஸ் வரும். சைன் வாசித்துப் பார்த்தபோது ஜி ஷார்ப்பிலும் ஏ-யிலும் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலே அதிர்ந்தது. நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்ததும் ஒரு காரணம். ஒன்றரை அடி முன்னே இழுத்தோம், கொஞ்சம் அடங்கியது.

முதல் ரெஃபரன்ஸ் டி ஸ்கேல் கானா. அழகாக, இறுக்கமாகக் கேட்டது. அதன் பிறகு எங்கள் பாட்டைப் போட்டால், பேஸ் அறையை நிறைத்து டோலக்கின் தொப்பிப் பக்கத்தை முழுதாக விழுங்கிவிட்டது. பாடகர் தம்பி முகமே மாறிவிட்டது. அந்த நிமிடம் என் கை பேஸ் ஃபேடரில் 8 டிபி இறக்கத் தயாராக இருந்தது.

இறக்கவில்லை, மூன்றாவது ரெஃபரன்ஸைப் போட்டேன். அது ஏ ஸ்கேல். சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டால் அதுவும் குமுறியது. எங்களுடையதைப் போல அவ்வளவு இல்லை, ஆனால் குமுறியது நிச்சயம். அப்போதுதான் பாதி அறையுடையது, பாதி என்னுடையது என்று புரிந்தது. முதல் ரெஃபரன்ஸின் பேஸ் 73-இல் இருந்ததால் அந்த அறை அதைத் தொடவே இல்லை.

எவ்வளவு என்னுடையது? இங்கே அனலைசர் வந்தது. அது ஃபைலைப் பார்க்கிறது, அறையைப் பார்ப்பதில்லை. ஏ ஸ்கேல் ரெஃபரன்ஸில் 55-ஐச் சுற்றிய மேடு நடுப்பகுதியை விட இத்தனை உயரம் என்று பார்த்து, எங்களுடையதையும் அதே போல் பார்த்தால் 5 டிபி கூடுதல். காது சொன்ன திசையிலேயே அனலைசரும் சொன்னது. மாஸ்டரில் கை வைக்காமல், பேஸ் ட்ராக்கில் மட்டும் 55-ஐச் சுற்றி அகலமாக 4 டிபி கட் செய்தேன். முழு 5-ம் எடுக்கவில்லை, கானாவுக்குப் பேஸ் கொஞ்சம் முன்னே இருந்தால் தகும். உடனே டோலக்கின் கும் என்ற இழுப்பு வெளியே வந்தது. டோலக்கை ஏற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான், அதைத் தொடவே தேவைப்படவில்லை. 8 டிபி இறக்கியிருந்தால் அந்த அறையில் அருமையாகவும், வெளியே சப்பென்றும் இருந்திருக்கும்.

இரண்டாவது, 250 ஹெர்ட்ஸ் பக்கம் எங்கள் கோடு மூன்று ரெஃபரன்ஸையும் விட 3 டிபி மேலே இருந்தது. காதுக்கோ குரல் கனமாக, தெளிவாக இருந்தது, ஒரு சொல்லும் மழுங்கவில்லை. குரல் ட்ராக்கை மியூட் செய்து பார்த்தால் அந்த மேடு கீழே இறங்கியது. அந்தத் தம்பியின் குரலே அப்படி. விட்டுவிட்டேன்.

மூன்றாவதைக் காது கண்டுபிடித்திருக்கவே முடியாது. 20-க்கும் 30-க்கும் நடுவே எங்கள் கோட்டில் ஒரு குன்று, ரெஃபரன்ஸ் எதிலும் இல்லை. அந்த ஸ்பீக்கரில் அது வெளியே வரவே இல்லை. ட்ராக் ட்ராக்காக சோலோ போட்டுப் பார்த்தால் தப்பு மேளத்தை ரெக்கார்ட் செய்த மைக்கில் வந்து நின்றது. என் தெருமுனையில் கண்டெய்னர் லாரி திரும்பும்போது தரை அதிரும், அது மைக் ஸ்டாண்ட் வழியே ஏறியிருக்கிறது. தப்பு ட்ராக்கில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டினேன். வாத்தியத்தின் ஒலியில் ஒன்றும் குறையவில்லை. லிமிட்டரின் ஊசிதான் அதற்கு முன் காரணமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது, அது நின்றது.

அன்று இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் மாற்றவில்லை.

போன்ல ஸ்பெக்ட்ரம் ஆப் இருக்கே, ஸ்பீக்கர் முன்னால நீட்டிப் பார்த்தா போதாதா?

மிக்ஸை அளக்க அது வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, அடி பேஸில் விழுந்துவிடும். சில போன்கள் சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கவும் செய்யும். அதோடு மைக் பிடிப்பது மிக்ஸையும் அறையையும் சேர்த்துத்தான், நாம் பிரிக்க நினைத்ததே அதைத்தான். ஃபைல் கையில் இல்லாத இடத்தில் மட்டும், போனை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, ரெஃபரன்ஸையும் மிக்ஸையும் ஒரே சத்தத்தில் ஓடவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 200 ஹெர்ட்ஸுக்கு மேல் பார்க்கலாம். தனியாக ஒரு கோட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

கொருக்குப்பேட்டைல ரயில்வே லைன் ஓரம் வீடு. கூட்ஸ் வண்டி, லாரி சத்தம் ஓயாது. இங்க எப்படிக் கேக்கறது?

வண்டி போகும்போது குரலையும் இடம் வலத்தையும் பார்க்கலாம், பேஸைப் பார்க்க வேண்டாம். அந்த உறுமல் பேஸ் இருக்கும் இடத்தில்தான் அதிகம் இருக்கிறது. அதற்குள் உங்கள் பேஸ் மறைந்து, நீங்கள் ஏற்றுவீர்கள். வண்டி போனதும் ரெஃபரன்ஸிலிருந்து மறுபடி தொடங்குங்கள், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஏசி ஓடினால் ஒப்பிடும் 10 நிமிடத்துக்கு அதையும் நிறுத்துங்கள்.

ஸ்டுடியோ வேணாம், ஹெட்போன்ல பார்த்துட்டா அறைப் பிரச்சினையே இல்லையே?

அறை இல்லைதான், ஆனால் ஹெட்போனுக்கும் தன் குணம் உண்டு, அதையும் ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டே கேட்க வேண்டும். அறை விழுங்குகிற ஸ்வரங்களைச் சரிபார்க்க ஹெட்போன் நல்ல துணை. குரலுக்கு எக்கோ எவ்வளவு, இடம் வலம் எவ்வளவு அகலம் என்பதை மட்டும் ஹெட்போனில் முடிவு செய்யாதீர்கள். ஸ்பீக்கரில் இரண்டு காதுக்கும் இரண்டு பக்கமும் கேட்கும், ஹெட்போனில் கேட்காது.

ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் ஊத்தறப்போ என் பாட்டை ஹார்ன்ல போட்டாங்க. பேஸே காணோம். அதுக்குத் தனியா மிக்ஸ் பண்ணணுமா?

தனி மிக்ஸ் வேண்டாம். கம்பத்தில் கட்டுகிற கூம்பு ஹார்னில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. 55 ஹெர்ட்ஸ் ஏ அதில் வரவே வராது, எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை.

ஆனால் மைக் செட்காரரிடம் சொல்லி உங்கள் ரெஃபரன்ஸை அதே ஹார்னில் ஒரு நிமிடம் போடச் சொல்லுங்கள். அதில் பேஸ் எந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்று மெலிதாகவாவது பின்தொடர முடிகிறதா? முடிந்தால், அந்தப் பேஸில் 55-க்கு மேலே அதன் மடங்குகளான 330, 385, 440 பக்கமும் ஒலி இருக்கிறது என்று அர்த்தம். ஹார்ன் அவற்றை வெளியே விடும், கீழே இல்லாத ஸ்வரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். உங்கள் பாட்டில் அது இல்லையென்றால் பேஸ் வெறும் சைன் போல வழுவழுவென்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பேஸ் ட்ராக்கை சோலோ போட்டு அனலைசரில் பாருங்கள். 55-இல் ஒரு குன்றும், 110-இல் ஒரு சின்ன மேடும், அதற்கு மேல் வெறுமையும் தெரிந்தால் சாச்சுரேஷன் ப்ளகின் ஒன்றைப் போட்டு, 300-க்கும் 500-க்கும் நடுவே சின்னச் சின்ன மேடுகள் எழும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பிறகு மொத்தப் பாட்டையும் போட்டு, 300-க்குக் கீழே முழுக்க ஒரு ஃபில்டரால் வெட்டிவிட்டுக் கேளுங்கள். வெட்டிய பிறகும் பேஸின் நடையை விரலால் தட்ட முடிந்தால் ஃபில்டரை எடுத்துவிட்டு அப்படியே சேமியுங்கள்.